இரு முனையும் பிடித்த பார்: விடையில் 20–30, எனக்கு 30–20. அச்சுப் பிழையா?

தெப்பக்குளம்_தேன்மொழி

எல்லோருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உள்தேர்வுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

செங்குத்தாக நிற்கும் ஒரு ஸ்டீல் பார். மேல் முனை, கீழ் முனை இரண்டுமே அசையாமல் பிடிக்கப்பட்டவை. மேல் பகுதி 400 மி.மீ. நீளம், 20 × 20 சதுரம். கீழ்ப் பகுதி 600 மி.மீ. நீளம், 30 × 30 சதுரம். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு காலர், அதன்மேல் 50 கிலோநியூட்டன் லோடு நேராகக் கீழ்நோக்கி. யங்ஸ் மாடுலஸ் 2 லட்சம் நியூட்டன்/ச.மி.மீ. மேல் சப்போர்ட் எவ்வளவு தாங்குகிறது, கீழ் சப்போர்ட் எவ்வளவு தாங்குகிறது என்பது கேள்வி.

வகுப்பு நோட்டில் உள்ள சூத்திரம் இது:

```
R_top = P*b/L
R_bot = P*a/L
```

a மேல் பகுதியின் நீளம், b கீழ்ப் பகுதியின் நீளம். போட்டால் மேலே 30, கீழே 20 வருகிறது. விடைப் பக்கத்திலோ மேலே 20, கீழே 30. எண்கள் அதேதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. அச்சில் மாற்றிப் போட்டுவிட்டார்களா?

பில்லர்_பாண்டி

அச்சுப் பிழையேதான், சந்தேகமே வேண்டாம். லோடு மேல் சப்போர்ட்டுக்குத்தான் கிட்ட இருக்கு. கிட்ட இருக்கிறவன்தான் கூடச் சுமப்பான். 600-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.6, அதுதான் மேலே போகும். ரெண்டும் ஸ்டீல், E ஒண்ணுதான், அது ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும். 30, 20-னு எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போங்க.

வாடிப்பட்டி_கண்ணன்

நல்ல நேரத்தில் இந்தக் கேள்வி வந்தது. எங்கள் தோப்பு ஷெட்டில் இரண்டு சுவருக்கு நடுவே குறுக்காக ஒரு ஜி.ஐ. பைப் பதித்திருக்கிறோம். அதில் செயின் பிளாக் மாட்டி மோட்டார் தூக்குவோம். செயின் பிளாக் ஒரு சுவருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தச் சுவரில் பைப் நுழையும் இடத்தில் காரை பெயர்கிறது. இந்த Pb/L வைத்து எந்தச் சுவருக்கு எவ்வளவு என்று போட்டுக்கொள்ளலாமா?

அழகர்மலை_அடிவாரம்

தேன்மொழி, விடைப் பக்கம் சரி. மேலே 20, கீழே 30.

பாண்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. E இரண்டு பக்கமும் ஒன்று, அது நீங்கிவிடும். ஆனால் பரப்பு ஒன்றில்லையே. மேலே 400 ச.மி.மீ., கீழே 900 ச.மி.மீ. உங்கள் நோட்டுச் சூத்திரம் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக இருக்கும் பாருக்கு மட்டும் பொருந்தும். அங்கே பரப்பும் நீங்கிவிடுவதால் நீளம் மட்டும் மிஞ்சுகிறது.

சூத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, காலர் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். காலர் இறங்கினால் மேல் பகுதி அதே அளவு நீள வேண்டும், ஏனென்றால் அதன் மேல் முனை நகராது. கீழ்ப் பகுதியும் அதே அளவு குறுக வேண்டும், ஏனென்றால் அதன் கீழ் முனை நகராது. இரண்டு பகுதிகளும் ஒரே காலரில் சேர்ந்திருக்கின்றன. மேல் பகுதி ஒரு கணக்கில் இறங்க, கீழ்ப் பகுதி வேறொரு கணக்கில் இறங்க முடியாது.

இப்போது ஒவ்வொரு பகுதியும் 1 மி.மீ. நீளவோ குறுகவோ எவ்வளவு விசை கேட்கும் என்று பாருங்கள். பரப்பு × E ÷ நீளம். மேல் பகுதிக்கு 400 × 2,00,000 ÷ 400, அதாவது மி.மீ.க்கு 200 கிலோநியூட்டன். கீழ்ப் பகுதிக்கு 900 × 2,00,000 ÷ 600, அதாவது 300 கிலோநியூட்டன். கீழ்ப் பகுதி நீளமாக இருந்தாலும் தடிமன் அதை ஈடுகட்டி மேலேயும் போய்விட்டது. இரண்டும் ஒரே அளவு அசைவதால் லோடு 200-க்கு 300 என்ற விகிதத்தில் பிரிகிறது. 50-ஐ அப்படிப் பிரித்தால் 20, 30.

உங்கள் விடையை நீங்களே சோதிக்கலாம். மேலே 30 என்று வைத்தால் மேல் பகுதி 30 ÷ 200, அதாவது 0.15 மி.மீ. நீளும். கீழே 20 என்றால் கீழ்ப் பகுதி 20 ÷ 300, சுமார் 0.067 மி.மீ. குறுகும். ஒரே காலர் ஒரே நேரத்தில் 0.15-உம் 0.067-உம் இறங்க வேண்டியிருக்கும். இரும்புக்குள் இரும்பு புகுந்தால்தான் அது நடக்கும். 20, 30 என்று வைத்தால் இரண்டு பக்கமும் 0.1 மி.மீ. வருகிறது. விசைகளின் கூட்டுத்தொகை இரண்டு விடையிலும் 50-தான், ஆகவே கூட்டிப் பார்த்தால் தவறு தெரியாது. அசைவைப் பார்த்தால்தான் தெரியும்.

கண்ணன், உங்களுடையது வேறு வகை. இங்கே லோடு பாரின் நீளவாக்கிலேயே இழுக்கிறது, உங்கள் பைப்பில் குறுக்காகத் தொங்குகிறது. பைப் வளைகிறது, சுவருக்குள் இருக்கும் முனை நெம்புகிறது. காரை பெயர்வதற்கு அந்த நெம்பல் காரணமாக இருக்கலாம். பைப்பின் வெளிவிட்டம், கனம், சுவருக்கு நடுவே உள்ள தூரம், தூக்கும் எடை எல்லாம் போட்டுத் தனி இழை தொடங்குங்கள். அதுவரை அதில் எடை தூக்க வேண்டாம்.

வாடிப்பட்டி_கண்ணன்

சரிங்க சார். அளவு எடுத்துப் போடுகிறேன்.

பில்லர்_பாண்டி

பரப்பு சேர்க்கணும்னு ஒத்துக்கிறேன் சார். ஆனா "கிட்ட இருக்கிறது கூடச் சுமக்கும்"னு சைட்ல எல்லாரும் சொல்றதுதானே? அது பொய்யாகிடுமா?

அழகர்மலை_அடிவாரம்

ஒரே பருமன் உள்ள பாரில் அது மெய். அங்கே குட்டையான பகுதிதான் விறைப்பான பகுதி. கிட்ட இருப்பதால் அது அதிகம் சுமப்பதில்லை, விறைப்பாக இருப்பதால் சுமக்கிறது. பருமன் மாறினால் விறைப்பு எந்தப் பக்கம் அதிகமோ லோடு அந்தப் பக்கம் போகும்.

தெப்பக்குளம்_தேன்மொழி

சார், புரிந்தது. கடைசி வரியில் மட்டும் ஒரு குழப்பம். நான் மேல் பகுதியின் நீட்சியையும் கீழ்ப் பகுதியின் நீட்சியையும் கூட்டி மொத்தம் பூஜ்யம் என்று எழுதினேன். மொத்த நீளம் மாறாதே என்று. அப்படி எழுதினால் ஒரு விசை மைனஸில் வருகிறது.

அழகர்மலை_அடிவாரம்

வரத்தான் வேண்டும் அம்மா. இரண்டு பகுதியையும் இழுவிசை என்று வைத்துக்கொண்டு தொடங்கியிருப்பீர்கள். கீழ்ப் பகுதிக்கு மைனஸ் 30 வந்தால் அது அழுத்தத்தில் இருக்கிறது என்று பொருள். காலருக்கு மேலே பார் இழுபடுகிறது, கீழே நசுங்குகிறது. ஸ்டிரெஸ் மேலே 20,000 ÷ 400 = 50, இழுவை. கீழே 30,000 ÷ 900 = 33.3, அழுத்தம். தொடக்கத்தில் ஒரு குறியை வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாமல் போனால் போதும்.

இன்னொரு வழியும் சொல்கிறேன், அடுத்து வரும் கணக்குகளுக்கு அது கைகொடுக்கும். கீழ் சப்போர்ட்டை மனதளவில் எடுத்துவிடுங்கள். 50 முழுவதும் மேல் பகுதியில் தொங்கும். அது 50 ÷ 200, அதாவது 0.25 மி.மீ. நீளும். கீழ்ப் பகுதியில் விசையே இல்லை, அது அப்படியே 0.25 மி.மீ. கீழே வரும். ஆனால் கீழ் முனை நகரக் கூடாது. ஆகவே சப்போர்ட் அதை 0.25 மி.மீ. மேலே தள்ள வேண்டும். தள்ளும்போது இரண்டு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுகும். 200-உம் 300-உம் தொடராக இருந்தால் மொத்த விறைப்பு 120. ஆக 0.25 × 120 = 30. கீழ் சப்போர்ட்டின் விசை ஒரே வரியில் கிடைத்துவிட்டது.

செல்லூர்_சிவில்

சாரின் இந்த இரண்டாவது வழியை நானும் சொல்ல நினைத்தேன். சைட்டில் முனை முழுதாகப் பிடித்திருக்கும் என்று நம்பவே முடியாது. கீழே பேஸ் பிளேட்டுக்கும் பாருக்கும் நடுவே 0.05 மி.மீ. இடைவெளி இருந்தால் 0.25-இல் அதைக் கழித்தால் போதும். மிச்சம் 0.20 × 120 = 24. கீழே 24, மேலே 26. ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடு நுழையும் இடைவெளி, அதற்கே 6 கிலோநியூட்டன் மேலே தாவிவிட்டது. இடைவெளி 0.25 மி.மீ. ஆனால் கீழ்ப் பகுதி தரையைத் தொடவே தொடாது. 50-உம் மேலே. மேல் ஸ்டிரெஸ் 50-இலிருந்து 125 ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய கவலை வெயில். இரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 0.012 மி.மீ. நீளும். சித்திரை மாசம் தகர ஷெட்டுக்குள் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் 20 டிகிரி ஏறினால் இந்த 1 மீட்டர் பாருக்கு 0.24 மி.மீ. சாரின் 0.25-உடன் அதைக் கூட்டினால் 0.49 × 120, கிட்டத்தட்ட 59 கிலோநியூட்டன் கீழே. மேல் பகுதியில் இருந்த 20 இழுவை போய் 9 அழுத்தமாக மாறிவிடுகிறது. மேல் பகுதியில் லோடு கொடுப்பதைவிட வெயில் கொடுக்கும் விசை அதிகம். இரண்டு முனையையும் இறுக்கும் வடிவமைப்பே தப்பு என்பது என் கருத்து. ஒரு முனையை விட்டுவிடுவதுதான் நல்லது.

கப்பலூர்_பட்டறை

எல்லாருக்கும் வணக்கம். இம்புட்டு நேரம் படிச்சுக்கிட்டே இருந்தேன். எனக்கு ஒரு விவகாரம் இருக்கு.

நம்ம பட்டறையில கிட்டத்தட்ட இந்த மாதிரியே ஒண்ணு நிக்கிது. மேல 20 சதுர ராடு, கீழ 30 சதுரம், நடுவுல காலர். காலர்ல ரெண்டு பக்கமும் சமமா பிராக்கெட் வச்சு 5 டன் தாங்குது. கீழ கான்கிரீட்ல பேஸ் பிளேட். மேல ராடு நுனியில எம் 20 மறை போட்டு, ஐ.எஸ்.எம்.பி. 200 உத்திரத்து வழியா ஏத்தி நட்டு போட்டிருக்கு. உத்திரம் 3 மீட்டர் ஸ்பான், ராடு சரியா நடுவுல.

டிராயிங் போட்டுக் கொடுத்தவரு மேல 20, கீழ 30-னுதான் எழுதிருந்தாரு. ஆனா லோடு நிக்கும்போதே மேல் நட்டைச் சின்ன ஸ்பானர்ல சும்மா திருப்ப முடியுது. 2 டன் அதுல தொங்குனா அப்படித் திரும்புமா? எங்க போச்சு அந்த 2 டன்?

பில்லர்_பாண்டி

அண்ணே, நட்டு லூஸா இருக்கும். இறுக்கி விட்டாச் சரியாயிரும்.

அழகர்மலை_அடிவாரம்

கப்பலூர் ஐயா, உங்கள் ஸ்பானர் சொல்வதை நம்புங்கள். 20 கிலோநியூட்டன் இழுவையில் உள்ள எம் 20 நட்டைத் திருப்ப ஏறத்தாழ 80 நியூட்டன்-மீட்டர் முறுக்கு வேண்டும். 40 செ.மீ. ஸ்பானரில் 20 கிலோ எடையளவு அழுத்த வேண்டும். சின்ன ஸ்பானரில் சும்மா திரும்புகிறது என்றால் அங்கே 20 இல்லை.

காரணம் உத்திரம். தேன்மொழியின் கணக்கில் மேல் சப்போர்ட் அசையாது. உங்களிடம் மேல் சப்போர்ட் ஓர் உத்திரத்தின் நடுப்பகுதி, அது வளையும். ஐ.எஸ்.எம்.பி. 200-க்கு இனர்ஷியா சுமார் 2,200 செ.மீ.⁴. 3 மீட்டர் ஸ்பானில், முனைகள் சும்மா உட்கார்ந்திருப்பதாக வைத்தால், நடுவில் அதன் விறைப்பு:

```
k = 48*E*I/L^3
```

போட்டால் மி.மீ.க்கு ஏறத்தாழ 8 கிலோநியூட்டன். ராடு 200, உத்திரம் 8. பார்வைக்குக் கனமாக இருக்கும் உத்திரம் அந்த மெல்லிய ராடைவிட 25 மடங்கு தளர்வு.

இனி அதே முறைதான். மேல் பக்கம் ராடும் உத்திரமும் தொடராக இருக்கின்றன, இரண்டும் சேர்ந்து 7.7. கீழ்ப் பக்கம் 300. லோடு 7.7-க்கு 300 என்று பிரியும். மேலே வெறும் 1.25 கிலோநியூட்டன், கீழே 48.75. உங்கள் 2 டன் கீழே கான்கிரீட்டுக்குப் போய்விட்டது. கீழ் ராடில் ஸ்டிரெஸ் 54 மட்டுமே, 600 மி.மீ. நீளத்துக்கு 30 சதுரம் வளைந்து நொறுங்கும் அளவு மெல்லியதும் இல்லை. ராடைப் பொறுத்தவரை பயமில்லை.

பாண்டி சொன்ன இறுக்குவதும் வெறும் பேச்சல்ல. எம் 20 சாதாரண மறையின் பிட்ச் 2.5 மி.மீ. நட்டை ஒரு முழுச் சுற்று திருப்பினால் உத்திரத்தையும் ராடையும் 2.5 மி.மீ. நெருக்குகிறீர்கள். உத்திரம் 8, பார் முழுதும் 120, தொடராக 7.5. ஆக 2.5 × 7.5 = 18.75 கிலோநியூட்டன் மேலே ஏறும். ஏற்கெனவே உள்ள 1.25-உடன் சேர்த்தால் 20. டிராயிங்கில் எழுதியது ஒரு சுற்றில் வந்துவிடும். ஆனால் லோடு நிற்கும்போது அதைச் செய்யாதீர்கள். உத்திரத்தின் இரு முனை போல்ட்டுகளும் அது உட்காரும் தூண்களும் 2 டன் தாங்குமா என்று பார்க்காமலும் செய்யாதீர்கள்.

செல்லூர்_சிவில்

சார், உத்திரம் இருந்தால் என் வெயில் கணக்கு என்ன ஆகும்?

அழகர்மலை_அடிவாரம்

சுருங்கிவிடும். உங்கள் 0.24 மி.மீ. இப்போது 120-ஐ எதிர்த்துத் தள்ளவில்லை, 7.5-ஐ எதிர்த்துத் தள்ளுகிறது. 29 கிலோநியூட்டனுக்குப் பதில் 1.8 மட்டும். உத்திரம் அந்த நீட்சிக்கு இடம்கொடுத்துவிடுகிறது. 0.05 மி.மீ. இடைவெளியும் அப்படித்தான். அங்கே 6 தாவியது, இங்கே 0.4-கூடத் தாவாது.

ஆகவே ஒரு முனையைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும் என்பதில் உங்களோடு முழுதாக உடன்பட மாட்டேன். இரண்டு முனையும் கெட்டியான இடத்தில் வெயில் உங்களைப் படுத்தும். ஒரு முனை போதுமான அளவு தளர்வாக இருந்தால் வெயில் ஒன்றும் செய்யாது, ஆனால் அந்த முனை சுமப்பதும் குறைவு.

செல்லூர்_சிவில்

அப்படிப் பார்த்தால் மேல் ராடு எதற்கு சார்? சுமக்காத ஒன்றை வைத்து "இரு முனைப் பிடிப்பு" என்று டிராயிங்கில் எழுதுவது ஆபத்து இல்லையா? நாளைக்கு யாராவது கீழ் பேஸ் பிளேட்டை மாற்ற வந்து, மேலேதான் 2 டன் இருக்கிறதே என்று கீழே கழற்றினால்?

அழகர்மலை_அடிவாரம்

அந்தக் கவலை சரியானது. கீழே கழற்றினால் 50-உம் மேலே வரும். ராடின் சதுரப் பகுதியில் ஸ்டிரெஸ் 125. மறைப் பகுதியில் எம் 20-க்குப் பலன் தரும் பரப்பு 245 ச.மி.மீ.தான், அங்கே 204. சாதாரண மைல்ட் ஸ்டீல் 250-இல் இளகும், மிச்சம் மிகக் குறைவு. உத்திரமும் 6 மி.மீ.க்கு மேல் இறங்கும். டிராயிங்கில் இரண்டு எண்களையும் எழுதி, கீழே கழற்றும் முன் லோடை இறக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

தெப்பக்குளம்_தேன்மொழி

சார், தேர்வில் "அசையாத சப்போர்ட்" என்று கொடுத்தால் 20, 30 எழுதலாம்தானே? இதைப் படித்தபிறகு எதையும் எழுதப் பயமாக இருக்கிறது.

அழகர்மலை_அடிவாரம்

எழுதுங்கள். கேள்வி அசையாது என்று சொன்னால் சப்போர்ட்டின் அசைவு பூஜ்யம். சப்போர்ட் இவ்வளவு இறங்கும் என்று சொன்னால் அந்த எண்ணை அசைவுச் சமன்பாட்டில் சேருங்கள். சமன்பாடு ஒன்றுதான்.

கப்பலூர்_பட்டறை

சார், ரொம்ப நன்றி. நட்டை இப்போதைக்குத் தொடல. ஆனா ஒரு சந்தேகம். உத்திரத்தோட ரெண்டு முனையும் தூண்ல வெல்டு பண்ணிருக்கு, சும்மா உக்காரல. அப்ப 8 மாறுமா?

அழகர்மலை_அடிவாரம்

மாறும். முனைகள் முழுதாகப் பிடிபட்டால் 48-க்குப் பதில் 192, நாலு மடங்கு. 8 என்பது 32 ஆகும். தூண்கள் கொஞ்சம் திரும்பும் என்பதால் நிஜம் 8-க்கும் 32-க்கும் நடுவே எங்கோ இருக்கும். 32 என்றே வைத்தாலும் மேலே சுமார் 4.2 கிலோநியூட்டன்தான் வரும்.

அளந்து பார்த்துவிடுங்கள். உத்திரத்தின் அடியில் ராடுக்குப் பக்கத்தில் ஒரு டயல் கேஜ் வையுங்கள். அதன் ஸ்டாண்டு உத்திரத்தையோ ராடையோ தொடக் கூடாது, தரையில் தனியாக நிற்கட்டும். லோடை இறக்குங்கள். ஊசி 0.15 மி.மீ. அளவுக்குத் திரும்பினால் என் கணக்கு கிட்டத்தட்ட நிற்கிறது. இன்னொரு கேஜை பேஸ் பிளேட்டின் மேல் வையுங்கள். அது அசைந்தால் கீழ் சப்போர்ட்டும் நான் வைத்த அளவு கெட்டியில்லை. ஒன்றை நினைவில் வையுங்கள், லோடை இறக்கிப் பார்ப்பது லோடின் பங்கை மட்டும் காட்டும். நட்டில் முன்பே இறுக்கிவைத்த விசை இருந்தால் அது இந்த வாசிப்பில் வராது.

செல்லூர்_சிவில்

பேஸ் பிளேட் அடியில் கிரௌட் போட்டாங்களா, வெறும் பேக்கிங் தகடு வைத்து விட்டாங்களா அண்ணே? தகடு மட்டும்தான் என்றால் கீழே 300 என்று வைத்ததே சந்தேகம். அப்போது மேல் பங்கு சாரின் கணக்கைவிடக் கூடும்.

கப்பலூர்_பட்டறை

மூணு எடத்துல தகடு வச்சது தெரியும். கிரௌட் ஊத்துனாங்களான்னு அன்னைக்கு நின்ன மேஸ்திரிகிட்டதான் கேக்கணும். ஞாயித்துக்கிழமை மெஷின் எல்லாம் நிக்கும், அன்னைக்கு ரெண்டு கேஜும் வச்சு லோடை எறக்கிப் பாத்துட்டு வாசிப்பைப் போடுறேன்.